இமை சீரமும் வீட்டு லாஷ் லிஃப்ட் கிட்டும்: பட்டியலில் தேட வேண்டிய ஐந்து எழுத்துகள்

கேள்வி: “ஆறு மாசமா ஆன்லைன்ல வாங்கின ஒரு லாஷ் சீரம் போடுறேன். இமை முடி நல்லா நீளமா வந்திருக்கு. ஆனா இமை ஓரம் கறுத்துப்போச்சு, மேல் இமை கொஞ்சம் குழி விழுந்த மாதிரி இருக்குன்னு அம்மா சொல்றாங்க. நிறுத்தணுமா? அதுக்குப் பதிலா லாஷ் லிஃப்ட் கிட் வாங்கி வீட்டிலேயே பண்ணலாமா, புருவத்துக்கும் சேர்த்து? எந்தெந்தப் பொருள் இருந்தா ஒதுக்கணும்?”

இன்றிரவே நிறுத்திவிடுங்கள். கண் மருத்துவராகப் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன் என்றாலும் உங்கள் கண்ணை நேரில் பார்க்காமல் இதுதான் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இமை முடி கண்கூடாக நீள்வது, இமை ஓரம் கறுப்பது, மேல் இமைக்கும் புருவ எலும்புக்கும் இடையே குழி விழுவது ஆகிய மூன்றும் ஒருவருக்கு ஒரே காலத்தில் வந்தால், நான் முதலில் தேடுவது ஒரே ஒரு குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்களைத்தான். அந்தக் குடும்பத்துக்குப் புரோஸ்டாகிளாண்டின் ஒப்புமைகள் என்று பெயர்; உடலிலேயே உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைப் போலச் செயல்படுபவை அவை. உங்கள் அம்மாவின் கண் கூர்மையானது. குழி விழுவதைக் கண்ணாடியில் தினமும் பார்க்கும் நாம் கவனிப்பதில்லை, எப்போதாவது பார்ப்பவர்கள்தாம் கண்டுபிடிக்கிறார்கள்.

சீரம் வாங்கிய தளத்தின் பக்கத்தைத் திறந்து, உட்பொருள் பட்டியலில் prost என்ற ஐந்து எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். அவை தனியாக நிற்காது, ஒரு நீண்ட பெயரின் நடுவில் ஒளிந்திருக்கும். Isopropyl Cloprostenate, Ethyl Tafluprostamide, Dechloro Dihydroxy Difluoro Ethylcloprostenolamide போன்ற பெயர்களில் எதைப் பார்த்தாலும் அந்த ஐந்து எழுத்துகள் உள்ளே இருப்பதைக் காணலாம். பட்டியலின் கடைசியில்தானே இருக்கிறது, அதனால் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். இந்தப் பொருள்கள் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்பவை. மருந்தாகவே விற்கப்படும் இமைக் கரைசலில்கூட இருப்பது 0.03 சதவீதம்தான். பட்டியலில் அளவு எழுதும் வழக்கம் இல்லாததால், உங்கள் குப்பியில் எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல இயலாது. என் முதல் கவலையே இதுதான்.

இந்தப் பொருள் அழகு நிலையத்தில் பிறந்ததல்ல, கண் மருத்துவமனையில் பிறந்தது. க்ளௌகோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கும் சொட்டு மருந்துகளில் பைமட்டோப்ரோஸ்ட் ஒன்று. அதை விடும் நோயாளிகளுக்கு இமை முடி நீண்டு, தடித்து, கறுத்து வளர்வதை மருத்துவர்கள் பக்கவிளைவாகக் கவனித்தார்கள். அந்தப் பக்கவிளைவையே பயனாக்கி, அதே 0.03 சதவீதக் கரைசலை லாட்டிஸ் என்ற பெயரில் இமை முடிக் குறைபாட்டுக்கான மருந்தாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008 டிசம்பரில் அனுமதித்தது. 278 பேரிடம் நடந்த அதன் ஆய்வில், 16 வாரங்களில் மருந்து போட்டவர்களின் இமை முடி சராசரியாக 1.4 மில்லிமீட்டர் நீண்டது; மருந்தில்லாத கரைசலைப் போட்டவர்களுக்கு 0.1 மில்லிமீட்டர்தான். ஆகவே இந்தக் குடும்பம் வேலை செய்கிறது என்பதில் ஐயமே இல்லை. அந்த அனுமதிக்கு ஓராண்டு முன்பே, 2007 நவம்பரில், பைமட்டோப்ரோஸ்ட் கலந்த ஓர் இமை அழகுப் பொருளை அதே நிர்வாகம் கலிஃபோர்னியாவில் பறிமுதல் செய்திருந்தது. மருந்தை மருந்தென்று சொல்லி, மருத்துவர் சீட்டுடன் விற்பதற்கும், அதையே அழகுப் பொருள் என்று விற்பதற்கும் இடையே இருக்கும் வேறுபாடு அப்போதே எழுந்த பிரச்சினை.

இமை முடி தலைமுடியைப் போல ஆண்டுக் கணக்கில் வளர்வதில்லை. சில வாரங்கள் வளரும், பிறகு சில மாதங்கள் அப்படியே இருக்கும், பிறகு உதிரும். அதனால்தான் அது வெட்டாமலே ஓர் அளவில் நிற்கிறது. புரோஸ்டாகிளாண்டின் ஒப்புமைகள் அந்த வளரும் காலத்தை நீட்டிக்கின்றன, ஒரே நேரத்தில் வளரும் நிலையில் இருக்கும் முடிகளின் எண்ணிக்கையையும் கூட்டுகின்றன. ஆனால் அவை முடி வேரோடு நின்றுவிடுவதில்லை. இமைத் தோலில் நிறமி உண்டாக்கும் உயிரணுக்களைத் தூண்டுகின்றன. அதனால் ஓரம் கறுக்கிறது, நம்முடைய மாநிறத் தோலில் அது கருவளையம் என்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, அதற்கு வேறொரு களிம்பு வாங்கப்படுகிறது. கண் குழிக்குள் மெத்தை போல இருக்கும் கொழுப்பு உருவாவதை அவை தடுக்கின்றன. மெத்தை மெலிய, மேல் இமை உள்வாங்குகிறது, சிலருக்கு இமை சற்றுத் தாழ்ந்தும்விடுகிறது. கண்மணியைச் சுற்றியுள்ள நிறவளையம் பழுப்பாக மாறுவதும் உண்டு. அது பச்சை, இளம்பழுப்புக் கண்காரர்களுக்குத்தான் வெளியே தெரியும், கரும்பழுப்புக் கண்களில் பெரும்பாலும் தெரியாது. ஆனால் ஒருமுறை வந்தால் போகாது.

குழி விழுவதை நான் புரிந்துகொண்டது பாடப் புத்தகத்தைவிட ஒரு பெரியவரின் முகத்திலிருந்துதான். அவருக்கு இடது கண்ணில் மட்டும் அழுத்த நோய். மூன்று ஆண்டுகளாக அந்த ஒரு கண்ணுக்கு மட்டும் இந்த வகைச் சொட்டு மருந்து விட்டுவந்தார். வலது கண் அவர் வயதுக்குரிய சற்றே பூரித்த இமையோடு இருந்தது. இடது கண்ணின் இமை முடியோ மூக்குக் கண்ணாடியில் உரசும் அளவுக்கு நீண்டிருந்தது, இமை ஓரம் மை தீட்டியது போல இருந்தது, புருவத்துக்குக் கீழே சுண்டுவிரலை வைத்தால் அமரும் அளவுக்குப் பள்ளம். ஒரே மனிதர், ஒரே வயது, ஒரே தூக்கம். இரண்டு கண்களுக்கும் இடையே மருந்து ஒன்றுதான் வேறுபாடு. சீரம் போடுபவர்கள் இரு கண்ணுக்கும் போடுவதால் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. உடல் மெலிந்துவிட்டது, தூக்கம் போதவில்லை என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சொட்டு மருந்து நேராகக் கண்ணுக்குள் விழுகிறது. சீரமோ இமை ஓரத்தில் தூரிகையால் இழுக்கப்படுகிறது, உள்ளே போகும் அளவு குறைவு. ஆகவே சொட்டு மருந்தில் காண்பதெல்லாம் அதே அளவில் சீரத்திலும் வரும் என்று சொல்வது மிகை. இமை ஓரத்தில் மட்டும் போட்டவர்களுக்கும் குழி விழுந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன என்பது உறுதி. அழகுச் சீரங்களில் எத்தனை பேரில் ஒருவருக்கு வரும் என்பது உறுதியல்ல. ஐரோப்பிய ஆணையத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு 2022-இல் இந்தப் பொருள்களை ஆராய்ந்தபோதும், கிடைத்த தரவுகளைக் கொண்டு இவை பாதுகாப்பானவை என்று முடிவு சொல்ல இயலாது என்றும், கண்ணருகில் பயன்படுத்துவது கவலைக்குரியது என்றும்தான் கூறியது.

நிறுத்திய பிறகு என்ன ஆகும் என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். நீண்ட முடி சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். அது கொத்தாக உதிர்வதுபோல் தோன்றினால் பயப்பட வேண்டாம், கூடுதலாக வளர்ந்தவைதாம் போகின்றன. கறுப்பு பெரும்பாலானவர்களுக்கு மெல்ல மங்கும், மாதங்கள் பிடிக்கும். குழியும் பெரும்பாலும் ஓரளவு நிறையும், ஆனால் எல்லாருக்கும் முழுமையாக நிறைவதில்லை. ஆறு மாதத்தில் நிறுத்துபவருக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. சீரம் தொடங்குவதற்கு முன் எடுத்த, முன்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும் ஒரு பழைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுங்கள். மருத்துவரிடம் போகும்போது குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். சீரம் போட்டுக்கொண்டிருந்ததைச் சொல்லாமல் கண் அழுத்தப் பரிசோதனை செய்துகொள்ளவும் வேண்டாம். இந்தப் பொருள்கள் அழுத்தத்தையே குறைக்கக்கூடியவை.

கருவுற்றிருப்பவர்களும், கருவுற முயல்பவர்களும், பாலூட்டுபவர்களும் prost உள்ள எதையும் தொடவே கூடாது என்பது என் கருத்து. குளோப்ரோஸ்டினால் என்ற பெயர் கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். பசுவைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் ஊசி மருந்து அது. கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைக் கையாளும்போது தோலில் படாமல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அந்த ஊசி மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கும். சீரங்களில் வரும் ஐசோப்ரோப்பைல் குளோப்ரோஸ்டினேட் அதன் நெருங்கிய உறவு. அளவு மிக மிகக் குறைவு என்பது உண்மைதான், ஆனாலும் இமை முடிக்காக எடுக்க வேண்டிய அபாயம் அல்ல அது. கண்ணுக்குள் அழற்சி வந்தவர்களும், கண்புரை அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

பெப்டைடு, பயோட்டின், பாந்தினால் மட்டும் உள்ள சீரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை முடியின் மேல் படிந்து பளபளப்பும் வளைந்து கொடுக்கும் தன்மையும் தரும், உடைவது குறையும். நீளத்தைக் கூட்டும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. நம் வீட்டு விளக்கெண்ணெய்க்கும் இதே கதைதான். இப்படிப்பட்ட சீரம் ஒன்று இரண்டு மாதத்தில் கண்கூடாக நீளம் தந்தால் நான் மகிழ மாட்டேன், பட்டியலை மறுபடி படிப்பேன்.

இனி லாஷ் லிஃப்ட் கிட். சீரம் முடி வேரைத் தூண்டுகிறது என்றால், இது வளர்ந்த முடியின் வடிவத்தையே வேதியியலால் மாற்றுகிறது. முடியைச் சேர்த்துப் பிடித்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். முதல் குப்பியில் இருக்கும் தயோகிளைகோலிக் அமிலமோ அதன் அம்மோனியம் உப்போ அந்தப் பிணைப்புகளை அவிழ்க்கிறது. முடி, இமை மேல் ஒட்டியிருக்கும் சிலிக்கோன் அச்சின் வளைவில் படிகிறது. இரண்டாம் குப்பியில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோ சோடியம் புரோமேட்டோ பிணைப்புகளை அந்தப் புதிய வளைவிலேயே மறுபடி கட்டுகிறது. தலைமுடியைச் சுருட்டும் பெர்மிங் என்ன செய்கிறதோ அதையே கண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தொலைவில் செய்கிறோம். தயோகிளைகோலேட் கரைசல்கள் வேலை செய்யக் காரத்தன்மை வேண்டும். கண் மருத்துவத்தில் நாங்கள் அமிலத்தைவிடக் காரத்துக்கு அதிகம் அஞ்சுவோம். அமிலம் பட்ட இடத்தில் புரதத்தை உறைய வைத்துத் தன் வழியையே ஓரளவு அடைத்துக்கொள்கிறது, காரமோ கொழுப்பைக் கரைத்துக்கொண்டு கருவிழிக்குள் இறங்கிக்கொண்டே போகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இதில் தெளிவாக இருக்கிறது. இமை முடியை வளைக்கும் பொருள்களில் தயோகிளைகோலிக் அமிலம் அதிகபட்சம் 11 சதவீதம், பி.எச். 7 முதல் 9.5 வரை, அதுவும் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும். இமை முடிக்கான பொருள்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு அதிகபட்சம் 2 சதவீதம், அதுவும் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும். அதாவது நீங்கள் வாங்க நினைக்கும் கிட்டில் இந்தப் பெயர்கள் இருந்தால், அது வீட்டில் செய்யத் தக்கதென்று அங்கே கருதப்படவில்லை. சதவீதமே எழுதப்படாத, இறக்குமதியாளரின் முகவரியும் இறக்குமதிப் பதிவு எண்ணும் ஒட்டப்படாத பெட்டி என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படி இந்தியாவுக்குள் வரும் பொருளுக்கு அந்தப் பதிவு கட்டாயம். தயோ இல்லை, சிஸ்டியமைன்தான் என்று விற்கப்படும் கிட்டுகள் சற்று மென்மையானவை. ஆனால் பிணைப்பை அவிழ்ப்பதுதான் அதன் வேலையும். கண்ணில் பட்டால் எரியும், ஒவ்வாமையும் வரும்.

பொருளைவிட வீட்டில் செய்யும் விதம்தான் கெடுதி என்றுகூட நான் சொல்வேன். நிலையத்தில் நீங்கள் இரு கண்ணையும் மூடிப் படுத்திருப்பீர்கள், இன்னொருவர் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் வேலை செய்வார். வீட்டில் ஒரு கண்ணைப் பாதி திறந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றுக்குப் போட வேண்டும்; களிம்பின் வாடையில் கண் நீர் சுரக்கும், அந்த நீரே களிம்பைக் கண்ணுக்குள் இழுத்துச் செல்லும். என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவி செய்தது இதுதான். பெட்டியில் போட்டிருந்த எட்டு நிமிடத்தில் முடி வளையவில்லை என்று நினைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி இருபது நிமிடம் விட்டிருக்கிறார். களிம்பு அச்சில் படியும்போதே முடி வளைந்துவிடாது, இரண்டாம் குப்பிக்குப் பிறகு கழுவினால்தான் வளைவு தெரியும் என்பது அவருக்குத் தெரியவில்லை. முடியின் நுனிகள் தீயில் வாட்டியது போல நெளிந்து கொக்கியாகிவிட்டன, சில கண்ணை நோக்கித் திரும்பிவிட்டன. கருவிழியின் கீழ்ப் பாதியில் பச்சைச் சாயம் பிடித்த சிறு புள்ளிகள், அதாவது மேல்தோல் அரிந்த இடங்கள். ஐந்து நாளில் கண் ஆறியது. இமை முடி நேராக வர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது, ஏனென்றால் கெட்ட முடியைச் சரிசெய்ய வழியில்லை, அது உதிர்ந்து புதிது வர வேண்டும்.

சில கிட்டுகளில் மூன்றாவதாக ஒரு சாயக் குப்பியும் வரும். அதில் பாராபினைலீன்டையமீன் இருந்தால் தொடாதீர்கள். பட்டியலில் p-Phenylenediamine என்று இருக்கும். 1930-களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச் சாயத்தில் இருந்து கண்களைப் பாழாக்கியது இதே பொருள். 1938-இல் அங்கே அழகுப் பொருள்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கு அந்த வழக்குகளும் ஒரு காரணம். நம் ஊரில் இதற்கு இன்னொரு வாசல் இருக்கிறது. கல்யாண வீடுகளில் அரை மணி நேரத்தில் கறுக்கும் கறுப்பு மெஹந்தியில் பெரும்பாலும் கலப்பது இதையே. அதில் எப்போதாவது கை அரித்துக் கொப்புளித்திருந்தால் உங்கள் உடல் இதை ஏற்கெனவே எதிரியாக எழுதி வைத்திருக்கிறது. அடுத்த முறை இமையில் பட்டால் இரு கண்ணும் திறக்க முடியாதபடி வீங்கலாம். முழங்கை மடிப்பில் தடவி 48 மணி நேரம் பார்க்கும் சோதனை இதுபோன்ற ஒவ்வாமைகளில் சிலவற்றைக் காட்டிக்கொடுக்கும். களிம்பு கண்ணுக்குள் போனால் என்ன ஆகும் என்பதையோ, prost குடும்பம் கண் குழிக் கொழுப்பை மெலியச் செய்யுமா என்பதையோ அந்தச் சோதனை காட்டாது.

புருவ முடியை ஒரே திசையில் படியவைக்கும் புருவ லேமினேஷனும் அதே வேதியியல்தான். ஆனால் புருவத் தோல் இமைத் தோலைவிடத் தடிமன், கண்ணிலிருந்தும் சற்றுத் தள்ளி இருக்கிறது. அதனால் இரண்டில் எதையாவது செய்தே தீர வேண்டும் என்றால் புருவத்தை ஒரு பயிற்சி பெற்றவரிடம் செய்துகொள்ளுங்கள், இமையை விட்டுவிடுங்கள். த்ரெடிங் செய்த அன்றோ மறுநாளோ வேண்டாம், முடி பிடுங்கிய துளைகள் திறந்திருக்கும்போது களிம்பு கடுமையாக எரிக்கும். முகத்துக்கு ரெட்டினாய்டு களிம்பு போடுபவராக இருந்தால் அதைப் புருவப் பகுதியில் ஒரு வாரமாவது நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். படுத்திருக்கும் நிலையில் கீழே வழியாதபடி களிம்பை மெல்லிய பூச்சாக மட்டும் போடச் சொல்லுங்கள்.

எந்தக் களிம்பானாலும் கண்ணில் பட்டால், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு, உடனே குழாயடிக்குப் போய்க் கண்ணைத் திறந்து பிடித்து, மிதமான ஓட்டத்தில் இருபது நிமிடம் கழுவுங்கள். சுத்தமான தண்ணீரைத் தேடி அலைய வேண்டாம், கையில் கிடைக்கும் குழாய்த் தண்ணீர் போதும். முதல் ஒரு நிமிடத்தில் கழுவுவது அரை மணி கழித்து மருத்துவமனையில் கழுவுவதைவிடப் பயன் தரும். எலுமிச்சை, தாய்ப்பால், பன்னீர், மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு, எதுவும் வேண்டாம். கழுவிய பிறகும் வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, வெள்ளைவிழி சிவக்காமல் வெளிறித் தெரிந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கார எரிகாயத்தில் வெளிறிய கண்தான் சிவந்த கண்ணைவிட மோசம், ஏனென்றால் அங்கே இரத்தக் குழாய்களே சேதப்பட்டிருக்கும்.